காற்றுக்கல் அடைத்த தொட்டி

செத்த குஞ்சுகளைக் கொட்டுகிற வேலை மட்டும் எப்படியோ என் தலையில்தான் விழும். அக்கா கொட்டமாட்டாள். பெற்ற பிள்ளைகள் போல் பார்த்துக்கொண்டவள், சாக்கடையில் ஊற்ற மனசு வராது என்பாள். எனக்கென்ன, மனசே இல்லையா?

எங்களுடையது சிப்பிக் குஞ்சு பொரிக்கும் நிலையம். கடலை ஒட்டி ஒரு நீளக் கூடம், அதில் ஆளுயரத்துக்கு எட்டுத் தொட்டிகள். இங்கே பொரித்து வளர்ந்த குஞ்சுகளைச் சிப்பி வளர்ப்பவர்கள் வாங்கிப் போய்க் கடலில் கட்டிவிட்டு வளர்ப்பார்கள். குஞ்சு என்றால் கண்ணுக்குத் தெரிகிற குஞ்சு இல்லை. விரலில் தொட்டு எடுத்தால் தூசி ஒட்டின மாதிரி இருக்கும், மைக்ரோஸ்கோப்பில் வைத்தால்தான் உயிர் என்று தெரியும்.

குஞ்சுகள் அக்காவின் பொறுப்பு. குஞ்சுகளுக்குத் தீனியான பாசி என் பொறுப்பு. மோட்டார், குழாய், பாய்லர் என்று சத்தம் போடுகிற எல்லாம் மாமாவின் பொறுப்பு. மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். அந்தக் கணக்கில் பார்த்தால் அக்காவும் அவர் பொறுப்புதான் என்று நான் சொல்வதுண்டு, அவள் காதில் விழாதபடி.

அந்தப் பருவத்தில் முதல் ஈடு குஞ்சுகள் மொத்தமும் போயின. தொட்டிகளைத் தேய்த்துக் கழுவி, குழாய்களை மருந்துபோட்டு அலசி, இரண்டாம் ஈடு விட்டோம். அதுவும் போய்க்கொண்டிருந்தது. தாய்ச் சிப்பிகளில் முட்டையிடாமல் மிச்சம் இருந்தது ஒரே ஒரு கூடைதான். அவையும் பழுத்துப்போய், இன்றைக்கோ நாளைக்கோ தாமாகவே முட்டையை விட்டுவிடும் நிலையில் இருந்தன.

“இந்தக் கூடையும் போச்சுன்னா கூடத்தப் பூட்டிட்டு நான் வேற வேலை பாத்துக்கறேன்,” என்றாள் அக்கா. கோபத்தில் சொல்லியிருந்தால் நான் கண்டுகொண்டிருக்க மாட்டேன். கையைத் துடைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். வாங்குபவர்கள் இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பிப் போயிருந்தார்கள். மூன்றாவது முறை வரமாட்டார்கள்.

பழி என் மேல்தான் விழுந்தது. “உன் பாசியிலதான்டி ஏதோ கோளாறு,” என்று வருகிறபோதும் போகிறபோதும் சொன்னாள். முட்டையிலிருந்து வந்த குஞ்சு முதல் ஓட்டைக் கட்டி முடிக்கும்வரை தீனியை நம்பி இருப்பதில்லை. முட்டைக்குள் தாய் கட்டிக்கொடுத்த சோற்றை வைத்தே அந்த வேலையை முடிக்கும். இவையோ ஓடு கட்டும்போதே சாகின்றன. சாப்பிடவே உட்காராதவனுக்கு என் சமையல் எப்படி விஷமாகும்? இதைக் கேட்டால், “எதிர்த்துப் பேசாத,” என்பாள். அக்காமார்களுக்கு இது ஒரு வசதி.

இன்னொன்றும் செய்தாள். குஞ்சுகள் சோர்வாகத் தெரிந்தபோதெல்லாம், “காத்தக் கூட்டுங்க, காத்தக் கூட்டுங்க,” என்று மாமாவை விரட்டினாள். ஒவ்வொரு தொட்டியின் அடியிலும் ஒரு காற்றுக்கல் கிடக்கும். குழாய் வழியே வரும் காற்று அதன் துளைகளில் பொடிக் குமிழிகளாகப் பிரிந்து மேலே வரும். மாமா குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டே இருந்தார். தொட்டிகள் சோறு பொங்குகிற மாதிரி கொதித்தன. குஞ்சுகள் இன்னும் வேகமாகச் செத்தன.

அன்று காலை ஏழாம் தொட்டியில் குமிழிகளே காணோம். காற்றுக்கல்லில் உப்பு ஏறி, இந்த ஈடு விட்ட அன்றைக்கே அடைத்திருக்க வேண்டும், ஆளுயரத் தொட்டி என்பதால் யார் கண்ணிலும் படவில்லை. எட்டிப் பார்த்த அக்கா, “போச்சு, மூச்சுமுட்டியே செத்திருக்கும். மொதல்ல அதக் கொட்டு,” என்று சொல்லிவிட்டுத் தாய்ச் சிப்பிகளைப் பார்க்கப் போய்விட்டாள்.

கொட்டுவதற்கு முன்பு ஒரு சொட்டு எடுத்துப் பார்ப்பது என் வழக்கம். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சிலருக்குப் பூட்டின கதவை இன்னொரு முறை இழுத்துப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது, எனக்கு இது.

மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தவள் எடுக்கவில்லை. நல்ல குஞ்சு இப்படி இருக்க வேண்டும் என்று அக்கா சுவரில் ஒட்டிவைத்திருந்த படம் அப்படியே கீழே நீந்திக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் நேர்க்கோடு, மறுபக்கம் வளைவு, பாதி நிலா மாதிரி கண்ணாடி ஓடு. ஒன்றிரண்டு இல்லை, பார்த்த இடமெல்லாம் பாதி நிலா.

ஆறாம் தொட்டியிலிருந்து ஒரு சொட்டு எடுத்தேன். நேர்க்கோடு குழிந்து, விளிம்பு கோணி, சிலவற்றில் ஓடு பாதியிலேயே நின்றுபோயிருந்தது. எட்டாம் தொட்டியிலும் அதே அலங்கோலம். ஒரே நாளில் ஒரே தாய்களிடமிருந்து வந்த முட்டை, ஒரே குழாய்த் தண்ணீர், ஒரே சூடு. காற்று வராத தொட்டி பிழைத்திருக்கிறது, காற்று கொட்டோ கொட்டென்று கொட்டிய தொட்டிகள் சாகின்றன.

இது எப்படி? எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பயத்தில் இல்லை. உள்ளங்கையில் அரிப்பெடுக்குமே, அந்த மாதிரி ஒரு ஆர்வம். குஞ்சுகள் சாகிற வீட்டில் இப்படிச் சந்தோஷப்படுவது தப்புதான். இருந்தாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பாசி அறைக்கு ஓடி என் பி.எச். மீட்டரை எடுத்து வந்தேன். இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாசி வேகமாக வளரக் கரியமில வாயு வேண்டும். நானே சிலிண்டரிலிருந்து பாட்டில்களுக்கு அதை விடுவேன். வாயு தண்ணீரில் கரைந்தால் மீட்டரில் எண் இறங்கும், இறங்கினால் தண்ணீரின் புளிப்பு கூடுகிறது என்று அர்த்தம். அளவுக்கு மீறி இறங்கினால் மூடிவிடுவேன். தினமும் செய்கிற வேலை.

கூடத்தில் அந்த மீட்டருக்கு இதுவரை வேலையே இருந்ததில்லை. அக்கா தொட்டிகளில் உப்பும் சூடும் பார்ப்பாள். பி.எச். பார்ப்பதெல்லாம் கடலிலிருந்து தண்ணீர் வந்து விழும் குழாயின் வாயில்தான். வாயில் நன்றாக இருந்தால் வயிற்றிலும் நன்றாகத்தானே இருக்கும் என்று ஒரு நம்பிக்கை.

ஏழாம் தொட்டியில் மீட்டர் எண் எட்டை ஒட்டி நின்றது, கடல் மாதிரியே. ஆறாம் தொட்டியில் ஏழரைக்கும் கீழே. எட்டாம் தொட்டியிலும் அப்படியே. யாரோ என் சிலிண்டரைத் திருடிக்கொண்டு வந்து அக்காவின் தொட்டிகளில் திறந்துவிட்ட மாதிரி இருந்தது.

“அக்கா! மாமா! ரெண்டு பேரும் இங்க வாங்க!”

வந்தார்கள். நான் சொன்னதைக் கேட்டதும் மாமாவின் முகம் சுருங்கியது. “என் காத்து மேலயா குத்தம் சொல்ற?” என்றார்.

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. காற்றை அனுப்பும் ப்ளோயர் முன்பெல்லாம் கூடத்து வாசலில்தான் இருந்தது. நாள் முழுக்க ‘ஓ’ என்று அழும். தலையைப் பிளக்கிறது என்று அக்கா புலம்பாத நாள் இல்லை. வேலை இல்லாத மாதங்களில் மாமா யாரிடமும் சொல்லாமல் அதைப் பெயர்த்துக் கொண்டுபோய்ப் பின்பக்கக் கொட்டகைக்குள் வைத்தார். அடியில் ரப்பர் மெத்தை, கதவு இடுக்குகளில் பஞ்சு. திறப்பு விழா மாதிரி அக்காவைக் கூட்டிப்போய், “கேளு,” என்றார். ஒன்றுமே கேட்கவில்லை. அக்கா அன்று அவரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பைப் பல வருஷங்களாக நான் பார்த்ததில்லை. அந்தக் காற்றின் மேல் யாராவது கை வைத்தால் மனுஷனுக்கு வலிக்காதா?

“குத்தம் சொல்லல மாமா. பாத்துரலாம்னுதான் சொல்றேன்.”

ஒரு வாளியில் கடல் தண்ணீரைப் பிடித்தோம். புதுக் காற்றுக்கல் ஒன்றைப் போட்டு, கூடத்துக் காற்றுக் குழாயிலேயே மாட்டினோம். மீட்டரை உள்ளே நட்டுவைத்தேன். மூன்று பேரும் வாளியைச் சுற்றிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தோம்.

எண் அசையவில்லை.

குமிழிகள் வந்துகொண்டே இருந்தன. எண் கல்லுப்பிள்ளையாராக நின்றது. அக்கா என்னைப் பார்த்தாள். “பாத்தியா? காத்த சொல்லி என்ன பண்றது. எல்லாம் உன் பாசிதான்.” மாமா தாராள மனசோடு, “பரவால்ல, சின்னவ தெரியாம சொல்லிட்டா,” என்றார். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. என்னை வீட்டில் சின்னவ என்றுதான் கூப்பிடுவார்கள். கிழவியானாலும் சின்னவதான், தெரியாமல் சொல்பவள்தான்.

எழுந்திருக்கப் போகிற நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் ‘தும்’ என்று ஒரு சத்தம். தொட்டிகளுக்குப் போகும் தண்ணீரைச் சூடாக்குகிற பாய்லர், வெயில் ஏறினால் தானாக நிற்கும், சூடு குறைந்தால் தானாகப் பற்றிக்கொள்ளும். இந்தக் குளிர்காலத்தில் அது நின்ற நேரத்தைவிட எரிந்த நேரம்தான் அதிகம். அந்தச் சத்தத்தை நானும் அக்காவும் காதில் வாங்கிக்கொள்ளக்கூட இல்லை. எழாமலே பாசியா காற்றா என்று மறுபடி வாக்குவாதத்தில் இறங்கினோம்; ஒரு தேநீரை ஊதிக் குடிக்கிற நேரம்கூட ஆகியிருக்காது, மீட்டரில் கடைசி இலக்கம் ஒன்று இறங்கியது. இன்னொன்று இறங்கியது. அப்புறம் படியிறங்குகிற மாதிரி இறங்கிக்கொண்டே போனது.

“ஏய், எறங்குதுடி!” என்று அக்கா என் தோளைப் பிடித்தாள்.

மாமா மீட்டரைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்த மிஷின் எப்போது என்ன பேசுகிறது என்று அவர் காதுக்குத் தெரியும். மெதுவாக எழுந்து பின்பக்கம் போனார். நாங்களும் பின்னாலேயே ஓடினோம்.

கொட்டகைக் கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து வெக்கையாக ஒரு காற்று முகத்தில் அடித்தது. பாய்லர் ஒரு மூலையில் எரிந்துகொண்டிருந்தது, ப்ளோயர் மறு மூலையில். மாமா எங்களை உள்ளே இழுத்து, கதவை ஒரு நிமிஷம் சாத்திவிட்டு, ஒரு துண்டுக் காகிதத்தைக் கிழித்து, பாய்லரின் புகைக்குழாய் ஆரம்பிக்கும் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தார். புகை மேலே போகிறதென்றால் காகிதம் குழாய்க்குள் இழுபட வேண்டும். அது வெளியே பறந்தது.

“ப்ளோயர் மூச்சு இழுக்குது,” என்றார். “கதவு, இடுக்கு எல்லாத்தையும் நான்தான அடச்சேன். வேற வழி இல்லாம புகைக்குழாய் வழியா இழுக்குது. பாய்லர் விடற மூச்சு, சின்னவ சிலிண்டர்ல இருக்கற அதே வாயு, மேல போகாம இங்கயே எறங்கி, இவன் வாய்க்குள்ள போகுது.” ப்ளோயரைத் தொட்டுக் காட்டினார். “இவன் அத நேரா தொட்டிக்கு அனுப்பறான்.”

இந்தக் கொட்டகைக்குள் யாரும் கதவைச் சாத்திக்கொண்டு உட்காராமல் போனது எங்கள் நல்ல காலம். குஞ்சுகளோடு மனுஷரையும் சேர்த்துக் கொட்டியிருக்க வேண்டியிருக்கும்.

அக்கா வெளியே வந்து அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். “காத்தக் கூட்டுங்க, கூட்டுங்கன்னு நான்தான கத்தினேன்,” என்றாள். பிறகு அவளுக்குள் இருக்கிற குஞ்சுக்காரி விழித்துக்கொண்டாள். அழுகிற குரலிலேயே கேட்டாள்: “ஆனா எட்டு, ஏழரைன்னா புளிப்பே இல்லையேடி. எலுமிச்சம்பழத் தண்ணியா அது? அந்தத் தண்ணியில ஓடு எப்படிக் கரையும்?”

“ஓடு கரையறத விடு. ஓடு கட்டவே முடியலையே, அது ஏன்னு நீதான் சொல்லணும். நான் பாசிக்காரி. வாயு தண்ணில கரஞ்சா கார்பானிக் அமிலம் ஆகும், அதுல இருந்து ஹைட்ரஜன் அயனி பிரிஞ்சு சுத்தும், அதனாலதான் எண் எறங்குது. அது வரைக்கும்தான் எனக்குத் தெரியும்.”

அக்கா விரலால் புழுதியில் ஏதோ கிறுக்கினாள். பிறகு நிமிர்ந்தாள்.

“ஓட்டுக்கு ரெண்டு சாமான் வேணும். கால்சியம், கார்பனேட். கால்சியம் கடல்ல கொட்டிக் கெடக்கு. கார்பனேட்தான் அளவா இருக்கும். நீ சொல்ற அந்த ஹைட்ரஜன் சும்மா சுத்தாது. கார்பனேட்ட பாத்தா போய் ஒட்டிக்கும். ஒட்டிக்கிட்டா அது பைகார்பனேட். குஞ்சுக்கு அது ஆகாது.”

“செங்கல் லாரி லாரியா வந்து எறங்கியிருக்கு, சிமென்ட்ட மட்டும் வேற எவனோ தூக்கிட்டுப் போயிட்டான்,” என்றார் மாமா.

“ஆமா. அப்பவும் அது கட்டாம இருக்காது. எண்ணமோ கட்டறதுலதான் இருக்கும். கெடைக்கற கொஞ்சத்தப் பொறுக்கிப் பொறுக்கிக் கட்டப் பாக்கும். ஒடம்புக்குள்ள வர்ற ஹைட்ரஜனையும் வெளிய தள்ளிட்டே இருக்கணும். தாய் குடுத்த சோறு அந்த வேலைக்கே தீந்துபோயிடும்.” புழுதியில் கிறுக்கியதை அக்கா கையால் அழித்தாள். “பட்டினியில செத்திருக்குங்கடி. நான் உன் பாசிய திட்டிட்டு இருந்தேன்.”

மன்னிப்பு என்று அவள் வாயில் வராது. அதுதான் மன்னிப்பு என்று நான் எடுத்துக்கொண்டேன். இருந்தாலும் சும்மா விடவில்லை. “இன்னொரு தடவ சொல்லு, சரியா கேக்கல,” என்றேன். செருப்பைத் தேடினாள்.

ஏழாம் தொட்டி தப்பித்த கதையும் அதுதான். காற்றுக்கல் அடைத்துக்கொண்டதால் பாய்லரின் மூச்சு அதற்குப் போகவில்லை. அந்தச் சின்ன வயதில் குஞ்சுகளுக்கு வேண்டிய பிராணவாயு தண்ணீரிலேயே போதுமான அளவு இருந்தது.

மாமா அன்றைக்கே ப்ளோயரைப் பெயர்த்துப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். ரப்பர் மெத்தையைக் கழற்றும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. கொட்டகைக் கதவைக் கழற்றிவிட்டு, பாய்லரின் புகைக்குழாயைக் கூரைக்கு மேல் இன்னும் உயரமாக நீட்டிவிட்டார். ப்ளோயர் மறுபடி ‘ஓ’ என்று அழ ஆரம்பித்தது. அக்கா காதைப் பொத்தவில்லை.

கடைசிக் கூடைத் தாய்ச் சிப்பிகள் அன்று சாயங்காலமே முட்டையிட்டன. ஏழாம் தொட்டியை அப்படியே வைத்துக்கொண்டு, மற்றவற்றைக் கழுவி அவற்றில் விட்டோம். ஓடு கட்டும் வரைக்கும் காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அக்கா கூடத்திலேயே கிடந்தாள், சாப்பிடக் கூப்பிட்டால் எரிந்து விழுந்தாள். நான் தொட்டி தொட்டியாக மீட்டரை முக்கிக்கொண்டு திரிந்தேன். எல்லாத் தொட்டியிலும் கடலின் எண்தான்.

பார்க்கிற நாள் வந்தபோது அவள் மைக்ரோஸ்கோப் பக்கமே வரவில்லை. “நீயே பாரு,” என்றாள், முதுகைக் காட்டிக்கொண்டு. முதல் தொட்டியிலிருந்து ஒரு சொட்டு வைத்தேன். பார்த்தேன்.

“என்னடி?”

நகர்ந்து இடம்விட்டேன். குனிந்தவள் நிமிர நேரமாயிற்று. நிமிர்ந்தபோது மூக்கு சிவந்திருந்தது. பாதி நிலாக்கள். ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு, எங்கே போவதென்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்த பாதி நிலாக்கள். எல்லாம் பிழைக்கவில்லை, எந்த வருஷமும் எல்லாம் பிழைத்ததில்லை. கூடத்தைப் பூட்ட வேண்டாம் என்பதற்குப் போதுமான அளவு இருந்தன. நான் பாசி கொண்டுவரப் போனேன். இனிமேல்தான் என் சமையலுக்கு வேலை.

அந்த வாரம் தண்ணீர் மேடம் வந்தார். கடல் ஆராய்ச்சி நிலையத்துக்காரர். எங்கள் குழாய் வாயில் தண்ணீர் பிடித்து அளந்துபோவது அவர் வேலை, வருஷக்கணக்காக வருகிறார். நடந்ததைச் சொன்னபோது கண்கள் விரியக் கேட்டார். கொட்டகையைப் போய்ப் பார்த்தார், காகிதத்தை எப்படிப் பிடித்தீர்கள் என்று மாமாவை மறுபடி பிடித்துக் காட்டச் சொன்னார்.

மாமா பெருமையாக, “இப்ப எல்லாம் சரி பண்ணியாச்சு மேடம். தொட்டித் தண்ணியும் கடல் தண்ணியும் ஒண்ணு,” என்றார்.

“நல்லது. ஆனா கடல் தண்ணியே பழைய கடல் தண்ணி இல்லையே,” என்றார் மேடம். “இந்தக் கரையில மீட்டர் எண் ஒரு நாளைக்கே ஏறி எறங்கும், அதனால சட்டுனு தெரியாது. பல வருஷம் சேத்துவெச்சுப் பாத்தா எறங்கிட்டுதான் இருக்கு. ஒலகம் நெலக்கரி எரிக்க ஆரம்பிச்சதுல இருந்து, கடலோட மேல்தண்ணில அந்த ஹைட்ரஜன் கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு கூடியிருக்கு.”

“கடலுக்கு யாரு மேடம் ப்ளோயர் வெச்சா?” என்று நான் கேட்டேன்.

“ப்ளோயர் எதுக்கு? காத்தும் தண்ணியும் தொட்டுட்டுதான இருக்கு. காத்துல வாயு கூடினா தண்ணிக்குள்ள போகும். நாம எரிச்சு விடறதுல கால் பங்கு கிட்ட கடல்தான் வாங்கிக்குது. உங்க வாளியில வேகமா நடந்தது அங்க மெதுவா நடக்குது. வேற ஒண்ணும் வித்தியாசம் இல்ல.”

அக்கா மைக்ரோஸ்கோப்பைப் பார்த்தாள். கடலில் தானாகப் பிறக்கிற குஞ்சுகளுக்கு எந்த அக்கா மீட்டர் முக்குவாள் என்று அவள் நினைப்பது எனக்குத் தெரிந்தது. மாமா மட்டும் வாசலுக்குப் போனார். தான் உயர்த்திக் கட்டிய புகைக்குழாயை அண்ணாந்து பார்த்தார். அதன் நுனியில் காற்று வெக்கையில் நடுங்கி, கடல் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. அங்கேதான் எங்கள் தண்ணீர்க் குழாயின் வாயும் இருக்கிறது.

மறுநாள் காலை அவரைக் காணோம். கூரை மேல் சரசரவென்று சத்தம். கறுப்புக் குழாயைச் சுருள் சுருளாகக் கூரை முழுக்கப் பரப்பி, வெயில் படுகிற பக்கம் பார்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா கீழேயிருந்து கத்தினாள். “என்னங்க பண்றீங்க அங்க?”

அவர் என்னவோ பதில் சொன்னார். ப்ளோயர் சத்தத்தில் ஒன்றும் விழவில்லை. “என்னது?” என்றாள். மறுபடி சொன்னார். மறுபடி விழவில்லை. அவள் திட்டிக்கொண்டே ஏணியில் ஏறினாள். என்னால் சும்மா இருக்க முடியுமா, நானும் பாதி ஏணி ஏறி நின்றுகொண்டேன்.

“வெயில்லயே தண்ணி பாதி சூடாயிடும். பாய்லர் கொஞ்ச நேரம் எரிஞ்சா போதும்,” என்றார்.

“நம்ம பாய்லர் ஒண்ணு நின்னா கடல் சரியாயிடுமா?”

“ஆகாது.” அவர் குழாயைக் கட்டிக்கொண்டே சொன்னார். “புகைக்குழாய ஒசரமா நீட்டிட்டா வெளிய போயிடும்னு நெனச்சேன். வெளின்னு ஒண்ணு இல்லம்மா. எல்லாம் ஒரே கொட்டகைதான்.”

அக்கா குனிந்து, குழாயின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.